பிறை தெரிந்த பிறகு சொல்லு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் டீம் லீடருக்கு ரம்ஜான் பெருநாள் வாழ்த்தை எப்போது, எப்படிச் சொல்வது என்று போனில் கேட்டாய். அம்மா நடுவில் போனை வாங்கிக்கொண்டதால் பாதியிலேயே நின்றுபோனது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் தேதி. காலண்டரில் சிவப்பாக அச்சடித்திருக்கும் நாளை நம்பி முந்தின நாளே மெசேஜை டைம் செட் பண்ணி வைக்காதே. நோன்பு மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். 29-ஆம் நோன்பன்று சூரியன் மறைந்ததும் பிறை பார்ப்பார்கள். தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு பிடித்து, அதற்கடுத்த நாள்தான் பெருநாள். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்பு அன்று இரவு டிவியிலேயே வந்துவிடும்.

இதில் ஊருக்கு ஊர் மாறும். 2024-இல் கேரளாவில் ஏப்ரல் 10 அன்று பெருநாள், நமக்கு 11. 2025-இல் சவுதியிலும் துபாயிலும் மார்ச் 30, இங்கே 31. உன் டீமில் துபாயிலிருந்து கால் பேசுகிறவர்களும் உண்டு என்றாயே, அந்தக் கணக்கை வைத்துப் பார். மார்ச் 29 இரவே துபாய்க்காரருக்கு வாழ்த்துச் சொல்லலாம். அதே வாழ்த்தைக் குரூப்பில் பொதுவாகப் போட்டால், மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து 29-ஆவது நோன்பு பிடிக்கப்போகிற கீழக்கரைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். கோபப்பட மாட்டார், ஆனால் யாரோ பார்வர்டு பண்ணியது என்று நினைத்துவிடுவார். அதனால் அவரவருக்குத் தனித்தனியாக அனுப்பு. ஒரே ஊரிலும் எல்லாரும் ஒரே அறிவிப்பைப் பின்பற்றுவதில்லை. சந்தேகம் இருந்தால், "சார், பிறை தெரிஞ்சாச்சா? உங்களுக்கு நாளைக்கா பெருநாள்?" என்று கேட்டுவிடு. அந்தக் கேள்வியே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிறை அறிவிப்பு வந்த நிமிஷத்திலிருந்து வாழ்த்தலாம். அவர்கள் கணக்கில் நாள் சூரியன் மறையும் மஃரிபிலேயே தொடங்கிவிடுகிறது, ஆகவே அந்த இரவே பெருநாள் இரவுதான். மெசேஜ் என்றால் அன்றிரவே அனுப்பு. போன் என்றால் மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் பண்ணு. விடிந்ததும் குளித்து, புதுத்துணி உடுத்தி, ஏழைகளுக்கான ஃபித்ரா தர்மத்தைத் தொழுகைக்கு முன்பே கொடுத்து முடித்து, திடலுக்கோ பள்ளிவாசலுக்கோ கிளம்புகிற அவசரத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்கவும் முடியாது, விடவும் மனசு வராது.

வாசகம் ரொம்ப எளிது. "ஈத் முபாரக்" சொல்லலாம். தமிழில் "நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்" என்று சொன்னால் இன்னும் நெருக்கம். நம் பக்கத்து முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது அதுதான். "ரம்ஜான் வாழ்த்துகள்" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் "ரமலான் முபாரக்", "ரமலான் கரீம்" இரண்டும் மாதம் பிறக்கும்போது சொல்வது. பெருநாளன்று அதை அனுப்பினால், வந்த விருந்தாளி கிளம்பும்போது "வாங்க வாங்க" என்று வரவேற்ற மாதிரி ஆகிவிடும். பதிலுக்கு அவர் "கைர் முபாரக்" என்பார், அல்லது சும்மா "நன்றிம்மா" என்பார். நீ அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. நெட்டில் பார்த்து நீளமான அரபு வாசகங்களை எழுதி அனுப்பாதே, அவை அவர்களுக்குள் சொல்லிக்கொள்கிற பிரார்த்தனைகள், துஆக்கள்.

ஆபீசில் நேரில் பார்க்கும்போது நீயாகக் கை நீட்ட வேண்டாம். ஆண்கள் தங்களுக்குள் கட்டித் தழுவுவார்கள். பெண்களிடம் சிலர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைப்பதோடு சரி. அவர் கை கொடுத்தால் நீயும் கொடு. உன் டீமில் முஸ்லிம் பெண் யாராவது இருந்தால், "எல்லா நோன்பும் வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. மாதவிலக்கு நாட்களில் அவர்களுக்கு நோன்பு கிடையாது. விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்து ஈடுகட்டுவார்கள். நாலு பேர் நடுவில் அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்?

லீவு முடிந்து அவர் ரெண்டு மூணு நாள் கழித்து வந்தாலும் வாழ்த்துச் சொல்லலாம், தாமதம் என்று ஒன்றும் இல்லை. டிரீட் வைப்பதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். பெருநாளன்று நோன்பு கூடாது. ஆனால் மறுநாளிலிருந்து, பெருநாளோடு பிறக்கிற அந்த மாதத்துக்குள் ஆறு நோன்பு பிடிக்கிறவர்கள் நிறைய. நீ மதியத்துக்கு டேபிள் புக் பண்ணிவிட்டு நிற்பாய், அவர் சாயங்காலம்தான் வாயைத் திறப்பார்.

இப்படிக்கு,
அப்பா