செல்வமகள் பாஸ்புக்கில் வட்டிப் பதிவு

ஆச்சிமார், அண்ணன்மார் கவனத்துக்கு. காரைக்குடி, தேவகோட்டை உறுப்பினர்கள் சிலர், பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்ட பாஸ்புக்கில் மாதாமாதம் வட்டி ஏறவில்லை என்று கவலைப்படுகிறார்கள். வட்டியை மாதந்தோறும் கணக்கிட்டாலும், மார்ச் 31 தேதியில்தான் மொத்தமாக வரவு வைப்பார்கள். அதனால் ஏப்ரலில் பாஸ்புக்கைப் பதிய வையுங்கள்.

அடுத்தது, ஒரே தொகை கட்டிய இருவருக்கு வட்டி ஏன் வேறுபடுகிறது? 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி. 2024-25இல் வட்டி 8.2 சதவீதம். புதுக் கணக்கில் ஏப்ரல் 4 அன்று ரூ.12,000 கட்டியவருக்கு 12 மாத வட்டி ரூ.984. ஏப்ரல் 8 அன்று கட்டியவருக்கு 11 மாதம்தான், ரூ.902. இது பிழையில்லை. ஏப்ரல் தாண்டியும் மார்ச் 31 வட்டிப் பதிவே இல்லையென்றால், உடனே கவுண்டரில் கேளுங்கள்.