கேனுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொன்ன குடியிருப்போர் சங்கத்துக்கு

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மேடவாக்கத்தில் உங்கள் குடியிருப்புக்கு ஆறு வருடமாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். 35 ரூபாய்க்குத் தரும் கேனை 30 ரூபாய்க்குத் தர வேண்டும் என்று போன வாரம் சொன்னீர்கள். பிளான்ட்டில் எனக்கு 12 ரூபாய்க்குக் கிடைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாளைக்கு 60 கேன் போகிறது. உங்களிடம் 40, மீதி எதிர்க்கடைகளில். கேனுக்கு 23 என்றால் 1,380 ரூபாய். கூட வரும் தம்பிக்குக் கூலி 500. லோடு ஆட்டோவுக்குப் பெட்ரோல், பழுது எல்லாம் சேர்த்து 400. அப்புறம் கேன் நஷ்டம் 60. எனக்கு நிற்பது 420. உங்களுக்கு மட்டும் 5 ரூபாய் குறைத்தாலே 200 போய்விடும். கடைக்காரர்களும் கேட்பார்கள்.

கேன் நஷ்டம் எப்படி வருகிறது என்று கேட்கலாம். தினம் 60 கேன் போட 200 கேனாவது சுற்றில் இருக்க வேண்டும். நீங்கள் குடித்து முடிக்கும் வரை கேன் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? காலி கேனை வாங்கும்போதே அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முடி போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசல், நிரப்பினால் கசியும். வாயருகே மூக்கை வைத்தும் பார்ப்பேன். பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது, பிளான்ட்டில் திருப்பிவிடுவார்கள். வெயில்படும் பால்கனியில் நாள் கணக்கில் கிடந்த கேனில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். மாதம் 12 கேனாவது இப்படிப் போகிறது. ஒன்று 150 ரூபாய்.

இதைவிடப் பெரிய செலவு படிக்கட்டு. லிப்டில் கேன் ஏற்றக் கூடாது என்று பலகை வைத்த பிறகு, 20 கிலோவுக்கு மேல் கனமுள்ள கேனைத் தோளில் வைத்து நான்காவது மாடி வரை தம்பி ஏறுகிறான். முன்பு எட்டு மணிக்குள் முடிந்த வேலை இப்போது பத்தரை வரை இழுக்கிறது. அதனால்தான் அவனுக்கு முழு நாள் கூலி. போன மாதம் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி, கேன் உடைந்து, அவன் முழங்கையும் சிராய்த்துவிட்டது.

லிப்டில் தண்ணீர் சிந்துகிறது என்ற உங்கள் குறை நியாயமானது. அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, சீல் உடையாத கேனை மட்டும் ஏற்றுகிறேன். காலை ஆறரை முதல் ஏழரை வரை லிப்டை விடுங்கள். காலி கேன்களை முந்தின இரவே கீழே பார்க்கிங் தூண் ஓரம் வைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் தம்பிக்கு அரை நாள் கூலி போதும், 250 மிச்சமாகும். மீதி நேரத்துக்குப் பக்கத்துப் பால் டிப்போவில் அவனுக்கு வேலை இருக்கிறது, கேட்டுவிட்டேன். அந்த மிச்சத்திலிருந்து உங்களுக்குக் கேனுக்கு 3 ரூபாய் குறைக்கிறேன். 32 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை வைத்துப் பேசுங்கள். சரி என்றால் திங்கள் காலையே விரிப்போடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேன் தண்ணீர்க்காரர்