பத்து வருஷம் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள மணியம்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. போனில் அந்தப் பொடி எழுத்து படிக்க முடியவில்லை. மகள் கடையில் பெரிதாக அச்செடுத்து வந்தாள். மத்தியானம் முழுவதும் வாசலில் உட்கார்ந்து உன் புது ஐஸ்பெட்டியின் வாரண்டி கார்டையும், கடைக்காரன் கொடுத்த கூடுதல் வாரண்டித் தாளையும் வரி வரியாகப் படித்தேன். இருபத்தாறு வருஷம் ஐஸ்பெட்டி பழுது பார்த்தவன் நான். இந்த மாதிரித் தாளோடு வீடு வீடாகப் போய், "இது இதில் சேராதுங்க" என்று சொல்லி அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்தவன். உனக்கு அப்படி ஆகக்கூடாது.

உன் பெட்டியின் விலை 5,800 வெள்ளி. கதவில் "10 வருஷ வாரண்டி" என்று ஸ்டிக்கர் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீ வாங்கினாய் என்று தெரியும். கார்டைப் படித்தால் அந்தப் பத்து வருஷம் கம்ப்ரசருக்கு மட்டும்தான். அதிலும் கம்ப்ரசர் என்கிற பொருளுக்குத்தான், அதை மாற்றும் வேலைக்கு இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டே வருஷம்.

இதன் பொருள் என்ன என்று எங்கள் அக்கா வீட்டில் போன வருஷம் பார்த்தோம். ஏழாவது வருஷத்தில் கம்ப்ரசர் போனது. கம்பெனி புதுசு கொடுத்தது, ஒரு காசு கேட்கவில்லை. ஆனால் கழற்றி மாட்டும் கூலி 180 வெள்ளி, கேஸும் வடிகட்டியும் 130, வண்டிச் செலவு 90. ஆக 400 வெள்ளி கட்டித்தான் "இலவச" கம்ப்ரசர் வந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. கார்டில் அப்படித்தான் எழுதியிருந்தது, அக்கா படிக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். இப்போது வரும் இன்வெர்ட்டர் பெட்டிகளில் கம்ப்ரசர் சுலபத்தில் போவதில்லை. முதலில் போவது பின்பக்கம் கீழே இருக்கும் போர்டு. கம்ப்ரசரை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்று தீர்மானிப்பது அதுதான். நம் பக்கம் சாயங்காலம் இடி இடித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். செம்பனைக் காட்டின் நடுவே ஓடும் கம்பியில் மின்னல் அடித்தால் அந்த வேகம் வீடு வரைக்கும் வரும். போர்டைக் கழற்றிப் பார்த்தால், கரண்ட் நுழையும் இடத்தில் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு சின்னச் சாமான் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருக்கும். அதைப் பார்த்ததும் டெக்னிஷியன் படம் எடுப்பான். அந்தப் படம் போதும், மின்னல், மின்அழுத்த ஏற்றத்தாழ்வு வாரண்டியில் சேராது என்ற விலக்கில் போய்விடும். அதே வரியில்தான் பூச்சி, பல்லி, எலி எல்லாம் இருக்கின்றன. சூடு தேடி வந்து போர்டில் குறுக்காகப் படுத்துச் செத்த பல்லிகளை எத்தனை எடுத்திருக்கிறேன்!

இந்த விலக்கு கம்பெனி கார்டில் இருக்கிறது. கடைக்காரனின் கூடுதல் வாரண்டியிலும் இருக்கிறது. இதைத்தான் நீ முக்கியமாகப் பார்க்க வேண்டும். 560 வெள்ளி கொடுத்தால் "ஐந்து வருஷம் கவலை இல்லை" என்றான் அல்லவா? அந்த ஐந்து வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது. முதல் இரண்டு வருஷம் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது. நீ காசு கொடுப்பது மூன்று, நான்கு, ஐந்தாம் வருஷத்துக்குத்தான். கதவு ரப்பர், விளக்கு, தண்ணீர் வடிகட்டி, துரு, உள்ளே கெட்டுப்போன சாமான் எதுவும் சேராது.

சரி, நான்காம் வருஷம் பெட்டி குளிரவில்லை என்று வைத்துக்கொள். போர்டு தானாகப் பழுதாகியிருந்தால் கூடுதல் வாரண்டி உனக்கு உதவும், கூலியும் அதிலேயே அடக்கம். மின்னலால் போனால் உதவாது. மூன்றாவதாக, கேஸ் கசிவு. குழாய் சுவருக்குள்ளே நுரையில் புதைந்திருக்கிறது, அங்கே ஓட்டை விழுந்தால் யாராலும் திறந்து ஒட்ட முடியாது. அப்போது "பழுது பார்க்க முடியாது" என்று எழுதுவார்கள். உன் தாளில் 9ஆவது விதி சொல்கிறது: மூன்றாம் வருஷம் விலையில் 70 விழுக்காடு, நான்காம் வருஷம் 50, ஐந்தாம் வருஷம் 30. நான்காம் வருஷம் உனக்குக் கிடைப்பது 2,900 வெள்ளி. அதுவும் ரொக்கமாக இல்லை, அதே கடையில் வாங்க வவுச்சர். கொடுத்ததும் ஒப்பந்தம் முடிந்தது. இருந்தாலும் கசிவுக்கு இது நல்ல பாதுகாப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி தங்கச்சி விஷயம். தோசை மாவு அரைத்து லயத்துக்கும் பட்டணத்துக்கும் கொடுக்கிறாள், அதற்காகத்தான் பெரிய பெட்டி என்று எழுதியிருந்தாய். மணியம், இரண்டு தாளிலும் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. டெக்னிஷியன் கதவைத் திறந்ததும் இருபது மாவு டப்பா, மேலே விலை எழுதிய ஸ்டிக்கர். அவன் வியாபார உபயோகம் என்று எழுதிவிட்டால் கம்ப்ரசர் உட்பட எல்லாம் போச்சு. ஆகையால் மாவைப் பழைய பெட்டியிலேயே வைக்கச் சொல். அதன் கதவு ரப்பரை நான் வந்து மாற்றித் தருகிறேன், அது இன்னும் சில வருஷம் ஓடும். மாவு புதுப் பெட்டியில்தான் என்றால் அந்த 560 வெள்ளியைக் கொடுக்காதே. அதில் நல்லதாக ஒரு மின்னல் தடுப்பு பிளக் வாங்கலாம். அது எப்படியும் வேண்டும், விலை நூறு வெள்ளிக்குள்தான்.

மாவு பழைய பெட்டியில் என்றால் கூடுதல் வாரண்டி எடு, ஆனால் கடையில் ஒன்று கேட்டு எழுதி வாங்கு. உங்கள் தோட்டம் சர்வீஸ் சென்டரிலிருந்து 40 கிலோமீட்டர். 25 கிலோமீட்டருக்கு மேல் வண்டிச் செலவு வாடிக்கையாளருடையது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதச் சொல், வாயால் சொன்னது நிற்காது.

கார்டில் கடை முத்திரை வைக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. நாளைக்கே போய் வாங்கு. 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. சீரியல் நம்பர் பெட்டிக்குள் இடப்பக்கச் சுவரில் காய்கறி டிராயருக்கு மேலே ஒட்டியிருக்கும், கார்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார். கடை ரசீது சூட்டில் அச்சடித்த தாள், ஆறு மாதத்தில் எழுத்து மறையும். இன்றே போட்டோகாப்பி எடு. வெளி ஆளை வைத்துப் பின்பக்கத்தைத் திறக்காதே. உன் பெட்டியில் இருப்பது R600a கேஸ், தீப்பிடிக்கக்கூடியது. ஒரு தடவை வெளி ஆள் திறந்தால் வாரண்டியும் போகும்.

கம்பெனி கார்டில் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதே. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உரிமையை எந்தக் கார்டாலும் எழுதி எடுக்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சென்ற வாரம் பழைய பள்ளிக்கூடப் பக்கம் போனேன், நாம் ஏறி விழுந்த அந்த ரம்புத்தான் மரம் இன்னும் நிற்கிறது. தைப்பூசத்துக்கு முன்னால் நான் வரும்போது ரப்பரும் கருவிப் பெட்டியும் எடுத்து வருகிறேன். பழைய பெட்டிக் கதவின் உயரமும் அகலமும் டேப் வைத்து அளந்து அனுப்பிவிடு.

உன்
கோபால்