முதல் வருடத்து வண்டி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய சர்வீஸ் சென்டர் பையன்கள் வாரம் ஒரு முறையாவது போன் போட்டு ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாரன்டி பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்தவனை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் வெளிவரப் போகும் அந்தப் புது மாடலை முதல் ஆளாக புக் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். வண்டி அழகாகத்தான் இருக்கிறது, நானும் படம் பார்த்தேன். ஆனால் உன் வீட்டில் இருக்கப் போவது அந்த ஒரே வண்டி. தங்கையை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருவதும் அதில்தான். அதனால் கொஞ்சம் பொறு என்றுதான் சொல்வேன். காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் சோதிக்காமல் வெளியிடுவதில்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள், பனியிலும் பாலைவனத்திலும் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று, எண்ணிக்கை. ஐந்நூறு வண்டிக்கு ஒன்றில் வரக்கூடிய கோளாறு ஒன்று இருக்கிறது என்று வை. சோதனைக்கு 100 வண்டி ஓட்டினால், அதில் ஒன்றில்கூட அந்தக் கோளாறு தலைகாட்டாமல் போக 82 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். அதே மாடல் 50,000 வண்டி விற்றால் நூறு வீட்டில் அது வந்து நிற்கும். இரண்டாவது, காலம். சோதனை ஓட்டுநர் ராத்திரி பகலாக ஓட்டி ஐந்து வருடத்துக் கிலோமீட்டரைச் சில மாதத்தில் முடித்துவிடுவார். ஆனால் இரண்டு வாரம் வெயிலில் சும்மா நிற்பது, தினமும் இரண்டே கிலோமீட்டர் போய் எஞ்சின் சூடாகும் முன்பே அணைப்பது, அதையே மாதக்கணக்கில் செய்வது, இதையெல்லாம் நம்மைப் போன்றவர்கள்தான் செய்கிறோம். போதாததற்கு, ஆரம்பகட்டச் சோதனை வண்டிகளில் பல, தேர்ந்த ஆட்கள் பார்த்துப் பார்த்துக் கையால் கோர்த்தவை. அசெம்பிளி லைனில் முழு வேகத்தில் இறங்கும் வண்டி வேறு.

ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன், இது என் மேஜைக்கே வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். புது மாடல், புது எஞ்சின். உரிமையாளர் ஒரு ஆசிரியை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று வந்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை, டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, ஸ்கேன் போட்டால் எந்தப் பிழைக் குறியீடும் இல்லை. எங்கள் பையன் நிரப்பிவிட்டு, "ஆரம்பத்தில் காற்று வெளியேறும்போது இப்படிக் குறையும் மேடம்" என்று அனுப்பிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை, சில வண்டிகளில் அது உண்மைதான். சில வாரத்தில் அவர் திரும்பி வந்தார். இந்த முறை மேல் மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பில், எஞ்சினோடு சேரும் இடத்தில், இளஞ்சிவப்பாக உப்புப் படிந்த மாதிரி ஒரு கோடு. சூடான எஞ்சின் மேல் கசிவதால் சொட்டு விழும் முன்பே காய்ந்துவிடுகிறது, சாயம் மட்டும் மிஞ்சுகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தப் பிளாஸ்டிக் விளிம்பு லேசாக வளைந்திருந்தது. இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் அழுத்தம் பெறாமல் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது.

வாரன்டியில் கூட்டை மாற்றினோம். ஸ்டோரில் இருந்து வந்த புதுக் கூடும் அதே அச்சில் வார்த்தது, அதே வடிவம். அதாவது கோளாறான பாகத்தை எடுத்துவிட்டு, இன்னும் கோளாறாகாத அதே பாகத்தை மாட்டி அனுப்பினோம். சில மாதத்தில் அதுவும் கசிந்தது. முதல் வருடத்து வண்டி வாங்குபவர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். ரிப்பேர் நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். மருந்து கண்டுபிடிக்கும் முன் நடக்கும் ரிப்பேருக்கு ஆயுசு கம்மி.

மருந்து வர ஏன் அவ்வளவு நாள்? கழற்றிய பாகத்தை நாங்கள் கம்பெனிக்கு அனுப்புவோம். அங்கே முதலில் வரும் ஒன்றிரண்டைத் தனித்த சம்பவம் என்றுதான் பார்ப்பார்கள். வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே மாதிரிப் புகார் குவிந்தால்தான் பொறியாளர் கையில் எடுப்பார். அதற்கே முதல் வண்டிகள் சில ஆயிரம் கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். அப்புறம் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கா, வடிவமா, போல்ட் முறுக்கும் அளவா? வடிவம் என்றால் சப்ளையரின் அச்சைத் திருத்த வேண்டும், திருத்திய பாகத்தைத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் அசெம்பிளி லைனில் ஏதோ ஒரு வண்டியிலிருந்து புதுப் பாகம் ஏறத் தொடங்கும். எல்லாம் ஓடி முடிக்க ஒரு வருடம் ஆவது சாதாரணம். விளம்பரத்தில் இது வராது, மாடல் பெயரும் மாறாது. பார்ட் நம்பரின் கடைசியில் இருக்கும் எழுத்து மட்டும் ஏ இருந்த இடத்தில் பி ஆகும், அல்லது எண் ஒன்று கூடும். அந்த ஆசிரியையின் வண்டிக்கு மூன்றாவதாக வந்த கூட்டில் அந்த எழுத்து மாறியிருந்தது, விளிம்பில் கூடுதலாக ஒரு தடிப்பும் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த விஷயமாக வரவில்லை.

இது சின்னக் கம்பெனிகளின் வியாதி என்று நினைக்காதே. டொயோட்டாவை விட நிதானமான கம்பெனி எது? அவர்களுடைய பிஇசட்4எக்ஸ் என்ற மின்சாரக் கார் 2022 மே மாதம் ஜப்பானில் வெளிவந்தது. ஜூன் மாதமே ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப் போல்ட்டுகள் தளர்ந்து, கூர்மையாகத் திரும்பும்போதும் திடீரென்று பிரேக் போடும்போதும் சக்கரமே கழன்றுவிடக்கூடும் என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க சுமார் 2,700 வண்டிகள்தான், ஆனால் வாங்கியவர்களிடம் வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத் தீர்வு தயாராகி வண்டியை மறுபடி கொடுக்கத் தொடங்க அக்டோபர் ஆனது. சக்கரத்தை மாட்டுவது நூறு வருடத்துப் பழைய வேலை. ஆனாலும் புது மாடலில் அதிலேயே சறுக்கினார்கள். அவர்கள் வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தியது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வாங்கியவருக்கு அந்த மாதங்களில் வண்டி வாசலில் நின்றது நின்றதுதான்.

ஹோண்டா 2013 செப்டம்பரில் ஜப்பானில் விட்ட ஃபிட் ஹைபிரிட் கதை இன்னொரு ரகம். புதுவிதமான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிரச்சினை. ஒரு முறை சரிசெய்தால் அடுத்தது வந்தது. 2014 அக்டோபருக்குள் ஐந்து ரீகால் ஆகி, கம்பெனித் தலைவர் உட்படப் பலரும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்து வரவேண்டிய மாடல்களைத் தள்ளிப்போட்டுச் சரிபார்த்தார்கள்.

இதில் ஒரு நியாயமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். புது மாடல் என்று எழுதியிருப்பதெல்லாம் புதிது இல்லை. பல வண்டிகளில் வெளித்தோற்றமும் உள் அலங்காரமும்தான் புதிது, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்கனவே வேறு மாடலில் சில வருடம் ஓடியவை. அப்படி என்றால் வரும் தொல்லை திரை உறைவது, கதவு ரப்பர் கீச்சிடுவது என்ற அளவில் நின்றுவிடும். அதில் பாதி மென்பொருள் புதுப்பித்தால் போய்விடும். ராத்திரி நிற்கும்போது ஏதோ ஒரு மின்னணுப் பெட்டி தூங்காமல் விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்வதுதான் இதில் கொஞ்சம் எரிச்சலானது. எஞ்சின், கியர்பாக்ஸ், அடித்தளம் மூன்றும் ஒரே சமயத்தில் புதிது என்றால்தான் நான் பயப்படுவேன். உன் மாடலில் எஞ்சின் புதிது என்று அவர்களே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப்போடு. அதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் மட்டும் விழுந்துவிடாதே. அடுத்த வருடம் நீ போய் நிற்கும்போது டீலர் நல்ல தள்ளுபடியில் ஒரு வண்டி காட்டுவார். அது முதல் மாதத்தில் தயாராகி விற்காமல் முற்றத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். ஒரு வருடம் காத்திருந்து அதே முதல் லாட் வண்டியை வாங்கி என்ன பிரயோஜனம்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணிலோ பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். பல வண்டிகளில் அதிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். இல்லையென்றால் டீலரிடம் தயாரிப்புத் தேதியை எழுத்தில் கேள். தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

வாங்கும் முன் ஒருமுறை விற்பனைப் பிரிவைத் தாண்டி சர்வீஸ் பக்கம் நடந்து போ. காலை நேரத்தில், வண்டி விட வருபவர்கள் நிற்கும் இடத்தில் அந்த மாடலுக்காக வந்தவர்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேள். ஆளுக்கொரு காரணம் சொன்னால் பயமில்லை. மூன்று பேர் ஒரே பாகத்தின் பெயரைச் சொன்னால், சர்வீஸ் அட்வைசரிடம் அந்தப் பாகத்துக்குத் திருத்தின நம்பர் வந்துவிட்டதா என்று கேட்டுப் பார். விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் ஸ்டோர்க்காரருக்குத் தெரியும்.

இவ்வளவு சொல்லியும் இந்த வருடமே வேண்டும் என்று உன் மகள் பிடிவாதம் பிடித்தால், நீட்டித்த வாரன்டி எடுத்துவிட்டு, பழைய வண்டியை மட்டும் ஒரு வருடம் விற்காமல் வைத்திரு. புதிது பட்டறையில் நிற்கும் நாளில் அது உதவும்.

பதில் எழுதும்போது அந்த பிரோஷரில் கியர்பாக்ஸ் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்பு. பழைய கியர்பாக்ஸா புதிதா என்று எங்கள் பையன்களிடம் கேட்டுச் சொல்கிறேன். தங்கையை விசாரித்ததாகச் சொல்.

உன்,
முரளி