கடலுக்குள் போன கருவி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. என் கை ஜிபிஎஸ் போய்விட்டது. நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது இடுப்பு வாரில் மாட்டியிருந்த கொக்கி கயிற்றில் சிக்கித் தெறித்தது. நான் குனிவதற்குள் திரை வெளிச்சத்தோடு உள்ளே இறங்கியது. அதில் 11 வருஷமாகக் குறித்து வைத்த கடல் இடங்கள், 200க்கு மேல். கம்ப்யூட்டரில் மாட்டும் ஒயர் பெட்டியில் கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது. ஒரு தரம் மாட்டி ஃபைலாக எடுத்து வைத்திருந்தால் இன்று எல்லாம் கையில் இருக்கும்.

மிச்சம் நம் பழைய நோட்டுதான். அதை வைத்து, இரவல் கருவியோடு பெரிய பாரை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டைத் தேடிப் போனேன். அட்சரேகையில் நிமிடம் 41.18 என்று எழுதியிருக்கிறது. அப்படியே போட்டேன். ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி இறக்கினால், இரு கை விரித்த நீளம் ஒரு பாகம் என்ற கணக்கில் 18 பாகம் ஆழம், ஒட்டி வந்தது வெறும் மணல். நீரோட்டமாக இருக்கும் என்று இரண்டு தரம் சுற்றி வந்தேன். மணலேதான்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பக்கம் முழுக்கப் புள்ளிக்குப் பின்னால் 60ஐத் தொடும் எண் ஒன்றுகூட இல்லை. அடுத்த பக்கத்தில் 72, 85 எல்லாம் இருக்கிறது. விநாடி 59க்கு மேல் போகாது அல்லவா? அப்படியானால் முதல் பக்கம் 41 நிமிடம் 18 விநாடி, அடுத்த பக்கம் நிமிடத்தின் தசமம். நடுவில் நாம் கருவியின் செட்டிங்கை மாற்றியிருக்கிறோம்!

18 விநாடியை 60ஆல் வகுத்தால் 0.30. ஆகப் போட வேண்டியது 41.30. வித்தியாசம் 0.12 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அட்சரேகையில் மட்டுமே நான் 222 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறேன். தீர்க்கரேகை எண்ணையும் இதே மாதிரி மாற்றி மறுநாள் போனேன். குண்டு 14 பாகத்தில் டக்கென்று நின்றது. மேலே எடுத்தால் கிரீஸில் மணல் இல்லை, கல் பட்ட பள்ளம் மட்டும். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி 9 இடம் மீண்டுவிட்டது. மற்றவை நோட்டில் ஏறவே இல்லை, கருவியை நம்பி விட்டுவிட்டேன். நீ போகும்போது சில பக்கங்களைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டாயே, அவை இருக்கிறதா? இருந்தால் திரும்ப எழுதி அனுப்பாதே, போட்டோ எடுத்து அனுப்பு. புள்ளியா, விநாடிக் கோடா என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய படகுக்காரன்