கல்யாண அழைப்பை எப்படிப் பேச வேண்டும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

தம்பி கல்யாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களை அழைத்து நீ பேசி அனுப்பிய பதிவைக் கேட்டேன். குரல் அருமையாக இருக்கிறது. ஆனால் அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பேச வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் அதுதான் அவசரம். முகூர்த்தம் 2027 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை காலை 6:30. அது இலண்டனில் அதிகாலை 1 மணி, சிட்னியில் பகல் 12 மணி, டொரோண்டோவில் முந்தின நாள் இரவு 8 மணி என்று சொல்லியிருக்கிறாய். இன்றைய கடிகாரப்படி மூன்றும் சரிதான். ஆனால் இது பிப்ரவரி. மார்ச்சில் இலண்டனிலும் டொரோண்டோவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். சிட்னியில் ஏப்ரலில் ஒரு மணி நேரம் பின்னால் இழுத்துவிடுவார்கள். ஆக, கல்யாணத்தன்று இலண்டனில் 2 மணி, டொரோண்டோவில் சனிக்கிழமை இரவு 9 மணி, சிட்னியில் பகல் 11 மணி. நம் கடிகாரம் மாறுவதே இல்லையா, அதனால் நமக்கு இது நினைவிலேயே வராது. எப்போதும் விசேஷ நாளின் தேதியைப் போட்டுத்தான் நேரத்தைப் பார்க்க வேண்டும். பேசுகிற நாளின் வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது, எல்லாருக்கும் எல்லா நேரமும் சொல்லாதே. சித்தி குடும்பத்தோடு இங்கே வரப்போகிறாள். அவளுக்கு இலண்டன் நேரம் எதற்கு? நம் நேரம் மட்டும் போதும். அதோடு, சனிக்கிழமை மாலை 6:30 மணி வரவேற்புக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடு. விமான டிக்கெட் எடுப்பவருக்குத் தேவையானது அந்த நாள்தான். பெரியப்பாவால் பயணம் செய்ய முடியாது, நேரலையில்தான் பார்ப்பார். அவருக்கு "சனிக்கிழமை, 12ஆம் தேதி, உங்க ஊர்ல ராத்திரி 9 மணி" என்பதைத் தவிர வேறு நேரம் எதுவும் காதில் விழக் கூடாது. "ஞாயிறு காலை ஆறரை" என்று ஒரு தடவை கேட்டாலும் அதுதான் மனதில் நிற்கும். ஞாயிறு காலை எழுந்து குளித்து உட்காருவார். அப்போது நமக்கு மாலை 4 மணி, மண்டபத்தைக் காலி செய்துகொண்டிருப்போம்.

இனி பேச்சு. நீ பத்திரிகையைப் பார்த்து அப்படியே வாசித்திருக்கிறாய். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் வாக்கியம் கண்ணுக்கு அழகு. காதுக்கு அது நீளம், வினைச்சொல் வருவதற்குள் முன்னால் சொன்னது நழுவிவிடும். தமிழ் மாதத் தேதியும் ஆங்கிலத் தேதியும் அடுத்தடுத்து வந்தால் கேட்பவருக்கு இரண்டு எண்கள் கிடைக்கும், எது எதற்கு என்று தெரியாது. தமிழ்த் தேதி பத்திரிகையிலேயே இருக்கட்டும். வானொலியில் அறிவிப்பு வாசித்த காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒரு மூச்சுக்கு ஒரு சேதி. சித்திக்கு இப்படிப் பேசிப் பார், கோடு போட்ட இடத்தில் நிறுத்தி மூச்சு விடு.

"சித்தி, சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? நான்தான் பேசுறேன். / நம்ம தம்பிக்குக் கல்யாணம் சித்தி! / ஜூன் மாசம். ஆறாவது மாசம். / பதிமூணாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. / காலையில ஆறரை மணிக்கு முகூர்த்தம். / முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வரவேற்பு. அதுக்கே நீங்க எல்லாரும் இங்க இருக்கணும்."

"ஆறாவது மாசம்" என்று சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கடைசி அசை தேய்ந்துபோனால் ஜூனும் ஜூலையும் ஒன்றுபோலக் கேட்கும். ஆறரையும் ஏழரையும் அப்படித்தான், முதல் எழுத்தை அழுத்திச் சொல். தேதியோடு கிழமையையும் விடாமல் சொல். ஒன்று தவறாகக் கேட்டாலும் இரண்டும் பொருந்தாது, திரும்பக் கேட்பார்கள்.

இடத்தைச் சொல்லும்போது ஊர் முதலில், அப்புறம் மண்டபத்தின் பெயர், அப்புறம் பக்கத்தில் உள்ள ஓர் அடையாளம். அவ்வளவுதான். நீ கதவு எண், பின்கோடு, போன் நம்பர் எல்லாம் வாசித்திருக்கிறாய். அதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், அது முடிவதற்குள் தேதியும் மறந்துவிடும். முகவரியையும் மேப் லிங்க்கையும் பதிவுக்குக் கீழே எழுத்தில் அனுப்பு. "விலாசம் கீழ அனுப்பியிருக்கேன்" என்று குரலில் சொன்னால் போதும். முடிக்கும் முன் தேதி, கிழமை, ஊர் மூன்றையும் இன்னொரு முறை, அதே வரிசையில், அதே சொற்களில் சொல். இரண்டாம் முறை வேறு மாதிரி சொன்னால் வேறு தேதியோ என்று குழம்புவார்கள்.

நீ எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவு என்று நினைத்திருந்தாய். வேண்டாம் கண்ணு. ஒரு பதிவு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் முழுதாகவே பேசிவிடு. முறை சொல்லிக் கூப்பிட்டு, அந்த வீட்டில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி விசாரித்து, பிறகு சேதிக்கு வா. தொடக்கத்தை மட்டும் மாற்றி நடுப்பகுதியை ஒட்டலாம் என்று தோன்றும். ஒட்டிய இடத்தில் குரலின் உயரம் மாறுவது நன்றாகத் தெரியும். பொதுவாகப் பேசியதைத் தனக்கும் அனுப்பியிருக்கிறாள் என்று அத்தை உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

நிதானம் என்றால் எல்லாவற்றையும் மெதுவாக இழுப்பது இல்லை. நலம் விசாரிப்பது உன் வழக்கமான வேகத்திலேயே இருக்கட்டும், சந்தோஷத்தில் கொஞ்சம் வேகம் கூடினாலும் அழகுதான். தேதிக்கு வரும்போது மட்டும் இறங்கு. தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு முழு மூச்சு இடைவெளி விடு. வாட்ஸப்பில் 1.5, 2 மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர். அந்த இடைவெளி இருந்தால்தான் அப்போதும் தேதி தனியாகத் தெரியும்.

பேசும்போது மின்விசிறியை நிறுத்து, திரைச்சீலை உள்ள அறையில் உட்கார். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் "பெரியப்பா", "பதிமூணு" என்னும்போது காற்று மோதிப் படபடக்கும். உன் பதிவில் அது கேட்கிறது.

முடித்ததும், விஷயம் தெரியாத யாரிடமாவது 2 மடங்கு வேகத்தில் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டு. தேதியும் கிழமையும் ஊரும் என்னவென்று அவர்களையே சொல்லச் சொல். மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் அனுப்பலாம்.

பெரியப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் பொறு. அப்பா முதலில் தானே பேசி அழைத்துவிடட்டும், அதன் பிறகு உன் பதிவு போகட்டும். சித்தியுடையதை முதலில் பேசி எனக்கு அனுப்பு. அவள் இந்த வாரமே டிக்கெட் பார்க்கிறாளாம்.

அன்புடன்,
அம்மா