மார்க்கெட் கேப் பக்கத்திலேயே பூட்டுத் திறக்கும் தேதியையும் போடுங்கள்

புதுக் காயின்களை இந்தியாவில் பட்டியலிடும் எக்ஸ்சேஞ்சுகளுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய ஆப்பில்தான் ஒரு புதுக் காயினை வெளியான வாரமே வாங்கினேன். எந்த ஆப், எந்தக் காயின் என்பது இங்கே முக்கியமில்லை. வாங்கும்போது விலை, வரைபடம், மார்க்கெட் கேப், ஒரு பெரிய பச்சைப் பட்டன் எல்லாம் கண்ணில் பட்டன. மொத்த டோக்கனில் பாதிக்கு மேல் டீமிடமும் முதலீட்டாளர்களிடமும் பூட்டிக் கிடக்கிறது, ஒரு வருடத்தில் அந்தப் பூட்டு திறக்கும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. ஒயிட்பேப்பரைப் படித்திருக்கலாமே என்பீர்கள். சரி, என் தப்பும் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் பக்கத்தில் கணக்கில் பாதியை மட்டும் காட்டுவது உங்கள் தப்பு.

என் கதையை விடுங்கள். எல்லா எண்ணும் வெளிப்படையாகக் கிடைக்கும் எத்தீரியம் பிளாக்செயின் மேல் ஓடும் ஆர்பிட்ரத்தையே எடுத்துக்கொள்வோம். மோசடியெல்லாம் இல்லை, நிஜமாகவே ஆட்கள் பயன்படுத்தும் நெட்வொர்க். அதனால்தான் அதை எடுக்கிறேன், ஏனென்றால் நல்ல திட்டத்துக்கும் இதுதான் நடக்கிறது.

2023 மார்ச் 23 அன்று அதன் டோக்கன் வெளியானது. மொத்த சப்ளை 1000 கோடி. அன்று புழக்கத்துக்கு வந்தது 127.5 கோடி, அதாவது எட்டில் ஒரு பங்கு. டீமுக்கும் ஆலோசகர்களுக்கும் 26.94 சதவீதம், முதலீட்டாளர்களுக்கு 17.53 சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் 444.7 கோடி டோக்கன், கடையில் இருந்த சரக்கைப்போல மூன்றரை மடங்கு. 1.20 டாலர் விலையில், புழக்கத்தில் இருப்பதை மட்டும் எண்ணி, மார்க்கெட் கேப் 153 கோடி டாலர் என்று திரை காட்டும். ஆனால் அந்த விலையை மொத்த 1000 கோடி டோக்கனுக்கும் போட்டால் 1200 கோடி டாலர். எஃப்டிவி என்று சொல்வது இதைத்தான். வாங்குகிறவர் முதல் எண்ணைப் பார்த்து 'இன்னும் சின்னதுதான், ஏற இடமிருக்கு' என்று நினைக்கிறார், ஆனால் அவர் கொடுக்கும் விலை இரண்டாவது எண்ணோடு சேர்ந்தது.

இனி அட்டவணையைப் பார்ப்போம். முதல் ஒரு வருடம் டீமுக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஒரு டோக்கன்கூடக் கைக்கு வராது. கிளிஃப் என்பார்கள். 2024 மார்ச் 16, ஒரு சனிக்கிழமை, நாலில் ஒரு பங்கு ஒரே தவணையில் திறந்தது, சுமார் 111 கோடி டோக்கன். வெளியான நாளில் புழக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் 87 சதவீதம் கூடுதல் சரக்கு. மிச்சம் 333 கோடிச் சொச்சம், அதற்கடுத்த 36 மாதங்களில் மாதம் 9.26 கோடி வீதம், 2027 மார்ச் வரை.

எல்லோரும் கிளிஃப் நாளையே பயந்து பார்க்கிறார்கள். எனக்கென்னவோ மாதாமாதம் வரும் அந்த 9.26 கோடிதான் கனமாகத் தெரிகிறது. நாள் கணக்கில் போட்டால் சுமார் 31 லட்சம் டோக்கன். அத்தனையும் விற்பனைக்கு வருமென்றால், விலை ஒரு டாலரில் நிற்பதற்கே தினம் 31 லட்சம் டாலர் புதுப் பணம் உள்ளே வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. தினசரி டிரேடிங் வால்யூம் அதைவிட எவ்வளவோ அதிகமாச்சே என்று யாராவது சொல்வார்கள். வால்யூமில் ஒரே டோக்கன் பத்துக் கை மாறினால் பத்து முறை எண்ணப்படும், அது வாங்கிவைத்துக்கொள்ள வரும் பணம் இல்லை.

அத்தனையும் விற்க மாட்டார்கள்தான். ஆனால் விற்கிறவருடைய கணக்கு வேறு மாதிரி. ஆர்பிட்ரத்தை உருவாக்கிய ஆஃப்செயின் லேப்ஸ் 2021-ல் 12 கோடி டாலர் திரட்டியதாக அறிவித்தபோது கம்பெனியின் மதிப்பு 120 கோடி டாலர். முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய 175 கோடி டோக்கன் 1.20 டாலரில் 210 கோடி டாலர். அவர்களிடம் கம்பெனிப் பங்கும் இருக்கிறது, ஆகவே துல்லியமான ஒப்பீடு இல்லை, ஆனாலும் திரட்டிய தொகையை இந்த 175 கோடியால் வகுத்துப் பார்த்தால் ஒரு டோக்கன் ஏழு சென்ட் அளவில்தான் வருகிறது. நாம் 1.20-க்கு வாங்கி 60 சென்ட்டில் முழிக்கும்போது அந்த முதலீட்டாளருக்கு அது இன்னமும் பல மடங்கு லாபம். வென்ச்சர் ஃபண்டுக்கு ஆயுட்காலம் உண்டு, தனக்குப் பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். ஊழியர்களுக்கும் வரி, வீட்டுக்கடன் எல்லாம் இருக்கும், அவர்கள் விற்பதில் துரோகமும் இல்லை.

அப்புறம், விற்பனை பூட்டுத் திறக்கும் நாளுக்காகக் காத்திருப்பதும் இல்லை. கையில் வராத டோக்கனுக்கு ஈடாக ஃபியூச்சர்ஸில் ஷார்ட் போட்டு, அதாவது விலை இறங்கினால் லாபம் வரும் ஒப்பந்தம் எடுத்து, விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள முடியும், தள்ளுபடியில் நேரடியாகப் பேசி முடிக்கவும் முடியும். அதனால் தேதிக்குச் சில வாரம் முன்பே விலை தளர்ந்து, அந்த நாள் சப்தமில்லாமல் கடந்துபோகலாம். அதைப் பார்த்து 'அன்லாக் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்கிறவர்களும் உண்டு.

விலை என்ன ஆனது? 2024 ஜனவரியில் 2.40 டாலரை நெருங்கியது, அன்லாக்குக்கு முந்தைய நாட்களில் 2 டாலரைச் சுற்றி இருந்தது, ஏப்ரல் நடுவில் ஒரு டாலர் சொச்சம், 2025 ஏப்ரலில் 30 சென்ட் பக்கம். முழுப் பழியையும் அட்டவணை மேல் போட முடியாது. அதே காலத்தில் எத்தீரியத்தின் காயினான ஈதரும் ஏறக்குறைய பாதியானது, இந்த டோக்கன் வைத்திருப்பவருக்கு நெட்வொர்க் கட்டணத்தில் பங்கும் இல்லை. ஆனால் ஈதர் பாதியான இடத்தில் இது ஆறில் ஒரு பங்கானது.

பூட்டு என்று சொல்வதும் எப்போதும் பூட்டு இல்லை. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் இதே ஆர்பிட்ரத்தில், ஃபவுண்டேஷனுக்கு 75 கோடி டோக்கன் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதில் 5 கோடி நகர்ந்துவிட்டது தெரியவந்தது. 4 கோடியைக் கடனாகக் கொடுத்திருந்தார்கள், 1 கோடியைப் பணமாக்கியிருந்தார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் மிச்சத்துக்கு நான்கு வருட லாக்-அப் பேச்சு வந்தது. தேதி வந்தால்தான் திறக்கும்படி, மாற்ற முடியாமல் எழுதிய வெஸ்டிங் கான்ட்ராக்ட் என்ற நிரலில் டோக்கன் இருந்தால் தேதிக்கு முன் யாராலும் எடுக்க முடியாது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் திறக்கும் சாதாரண வாலட்டில் இருந்தால், அட்டவணை என்பது வாய்வார்த்தை. பிளாக்செயின் பரிவர்த்தனைகளைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரரில் பெரிய முகவரிகளைத் திறந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். உங்கள் லிஸ்டிங் டீம் எப்படியும் பார்த்திருக்கும், இல்லையா?

ஆகவே நான் கேட்பது நான்கே வரி, மார்க்கெட் கேப்புக்குக் கீழே, அதே எழுத்து அளவில். இன்று புழக்கத்தில் எத்தனை டோக்கன். டீம், முதலீட்டாளர் கணக்கில் இன்னும் பூட்டியிருப்பது எத்தனை. அடுத்து திறக்கும் தேதி, அளவு. பூட்டு இருக்கும் முகவரி, அது கான்ட்ராக்டா வாலட்டா. திட்டக்காரர்கள் தரவில்லை என்றால் 'தரவில்லை' என்றே எழுதுங்கள், அதுவும் எங்களுக்குத் தகவல்தான்.

இது எங்களுக்கு ஏன் இரட்டிப்பாக வலிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2022-லிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு காயினில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, விற்றால் 1 சதவீத டிடிஎஸ் வேறு. அதைப் பிடித்தம் செய்து ரூபாய் பைசாவரை அறிக்கை அனுப்ப உங்களால் முடிகிறது. பிளாக்செயினிலேயே எழுதிக் கிடக்கும் ஒரு தேதியை எடுத்து ஒட்ட எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் கணக்கை மூடாத ஒரு வாடிக்கையாளர்